ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே

என் அக்காவுக்குக் கோபம் வருவது புதிதில்லை. காலையில் டீ ஆறிப்போனாலும் வரும், பஸ் நிற்காமல் போனாலும் வரும். ஆனால் "போனால் போகட்டும், உன்மேல் பெரிய தப்பாக எழுதவில்லை" என்று ஒருவர் தயவு காட்டியதற்காக அவள் மேசையைத் தட்டி எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கும் கோபம் வந்தது. முதலில் அவள்மேல், பிறகு மற்ற எல்லார்மேலும்.

நாங்கள் இருவரும் ஒரே வானொலி நிலையத்தில் வேலை பார்க்கிறோம். நான் நாடகத்தில் கதை சொல்லும் குரல். அவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், எல்லா மைக்கின் ஒலியையும் கலக்கும் மிக்சர் முன்னால் உட்காரும் ஒலிப்பதிவாளர். நிலையத்தில் ஓடும் கேபிள் எல்லாம் அவள் கையால் ஈயம் உருக்கிச் சாலிடர் வைத்தது. அதனால் வாசல் காவலர் முதல் அதிகாரி வரை அவளுக்கு 'ஒயரக்கா' என்றுதான் பெயர். கடையில் வாங்கிய கேபிளைப் பார்த்தால், யாரோ வாய் வைத்த தம்ளரைப் பார்ப்பதுபோல் முகம் சுளிப்பாள்.

பதினொரு வருடமாக அவளுக்கு வரவேண்டிய முதுநிலைப் பதவி உயர்வு இந்த மாதம் வருவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ரிப்பன் மைக் போனது.

நிலையத்தில் இரண்டு ரிப்பன் மைக் உண்டு, ஒரே ஜோடி. உள்ளே காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்று மடிப்பு மடிப்பாகத் தொங்கும். பேசினால் அது ஆடும், அந்த ஆட்டம்தான் ஒலியாக மாறும். வாயால் ஊதினாலே போய்விடும் என்று அக்கா என்னை மிரட்டி வைத்திருக்கிறாள். அன்று அதன் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். மற்ற இரண்டு நடிகர்களுக்குக் கண்டென்சர் மைக். அந்த வகைக்கு உள்ளே மின்சாரம் போனால்தான் உயிர் வரும். மிக்சரிலிருந்து அதே கேபிள் வழியாக நாற்பத்தெட்டு வோல்ட் ஏறும். அதற்கு ஃபேன்டம் என்று பெயர். எங்கள் மிக்சரில் ஆறு மைக்குக்கும் சேர்த்து ஃபேன்டத்துக்கு ஒரே ஸ்விட்ச். தனித்தனி ஸ்விட்ச் வேண்டும் என்று அக்கா எழுதிக் கொடுத்த கடிதங்களை அடுக்கினால் ஒரு தலையணை ஆகும்.

அவள் வழக்கம்போல எல்லா மைக்கையும் மாட்டி, சத்தத்தை இறக்கி வைத்துவிட்டு, ஸ்விட்சைப் போட்டாள். நான் பேச ஆரம்பித்தேன். என் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாக, மெலிதாகக் கேட்டது. அக்காவின் முகம் வெளுத்தது. மைக்கைத் திறந்து பார்த்தபோது பட்டை இழுபட்டு, தொய்ந்து, காந்தத்தில் உரசிக் கிடந்தது.

மறுநாள் காலை நிலைய இயக்குநரின் அறையில் விசாரணை. இயக்குநர் நிதானமான அம்மாள். பக்கத்தில் தலைமைப் பொறியாளர். நேரில் பார்த்த சாட்சியாக நானும் இருந்தேன்.

"ரிப்பன் மாட்டியிருக்கும்போது ஃபேன்டம் போட்டீங்களா?" என்று பொறியாளர் கேட்டார்.

"போட்டேன்."

"அவ்வளவுதான் மேடம், முடிஞ்சுபோச்சு" என்று பேனாவைத் திறந்தார்.

"முடியல சார்" என்றாள் அக்கா. "இந்த மிக்சர் வந்த ஒன்பது வருஷமா இப்படித்தான் போடறேன். ஒரே ஸ்விட்ச் குடுத்துட்டு வேற எப்படிப் போடச் சொல்றீங்க? அப்பல்லாம் போகாதது இப்ப ஏன் போச்சுன்னு கேளுங்க."

பையிலிருந்து ஒரு கேபிளையும் மீட்டரையும் எடுத்து இயக்குநரின் மேசைமேல் வைத்தாள்.

"கேபிள்ல மூணு பின் மேடம். ஒண்ணாம் பின், கம்பிகளைச் சுத்தி இருக்கிற மேல்வலை, அதுதான் எர்த். ரெண்டும் மூணும் ஒலியக் கொண்டுவர்ற கம்பி. ஃபேன்டம் அந்த ரெண்டு கம்பிலயும் ஒரே அளவா ஏறும், வலை வழியா திரும்பும். ரிப்பனுக்கும் கேபிளுக்கும் நடுவுல ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் இருக்கு. அதோட சுருளுக்கு இந்த முனைலயும் நாற்பத்தெட்டு, அந்த முனைலயும் நாற்பத்தெட்டு. வித்தியாசமே இல்லைன்னா எதுவும் ஓடாது. மைக்குக்கு ஃபேன்டம் வந்ததே தெரியாது."

"அப்புறம் எப்படிப் போச்சு?" என்றார் இயக்குநர்.

அக்கா மீட்டரின் ஒரு முனையை ஒன்றாம் பின்னிலும் மறுமுனையை மூன்றாம் பின்னிலும் வைத்தாள். இரண்டு முனையும் எங்காவது ஒட்டியிருந்தால்தான் அந்த மீட்டர் கத்தும். கத்தவே கூடாத இடத்தில் அது கீச்சென்று கத்தியது.

"மூணாம் கம்பி எர்த்தோட ஒட்டியிருக்கு. அப்ப ஒரு முனைல வோல்ட் இருக்கு, இன்னொரு முனைல இல்ல. ஸ்விட்ச் போட்ட அந்த நொடியில சுருள் வழியா மின்சாரம் பாஞ்சு, டிரான்ஸ்பார்மர் அந்த அதிர்ச்சியை அந்தப் பக்கம் பல மடங்கா ஆக்கி ரிப்பனுக்குத் தள்ளியிருக்கு. ரிப்பன் காந்தத்துக்கு நடுவுல தொங்குது. ஒரே உதை. அவ்வளவுதான்."

"ஆனா இந்தக் கேபிள்ல ஒலி வந்துதே?" என்றார் இயக்குநர்.

"வரும். ஃபேன்டம் இல்லாம ரிப்பனை மாட்டினா இந்தக் கேபிள்லயும் ஒலி வரும். அதனாலதான் யாருக்கும் தெரியல."

பொறியாளர் நாற்காலியில் சாய்ந்தார். "சரி, கேபிளைப் பண்ணினது நீங்கதானே?"

"நான்தான்" என்றாள்.

அவள் கேபிளை எடுத்துக் காட்டாமல் இருந்திருந்தால் அந்த அறையில் யாருக்கும் அந்தப் பழுது தெரிந்திருக்காது. அந்தக் கேபிள் பிறந்த கதை எனக்குத் தெரியும். போன வாரம் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் பன்னிரண்டு கேபிள் செய்துகொண்டிருந்தாள். கேபிள் முனையில் மாட்டும் கனெக்டரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கண்ணை இடுக்கினாள். சின்ன வயதிலிருந்தே கிட்டப் பார்க்கத் தடித்த கண்ணாடி போடுகிறவள் நான். "உனக்குக் கண்ணு தெரியல, கண்ணாடி வாங்கு" என்றேன். "உன் கண்ணைப் பாத்துக்கோடி" என்று எரிந்து விழுந்தாள். வாக்குவாதம் முற்றியது. ஒவ்வொரு கம்பியும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போகிறதா என்று மட்டும் மீட்டரில் பார்த்தாள். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே ஒட்டியிருக்கிறதா என்று குறுக்கே பார்ப்பது அவள் வழக்கம். அன்று என்மேலிருந்த கோபத்தில் அதை விட்டுவிட்டு, பையில் திணித்துக்கொண்டு கிளம்பிப் போனாள். மேல்வலையின் ஓர் இழை மூன்றாம் பின்னைத் தொட்டுக்கொண்டிருந்தது. முடி மாதிரி ஓர் இழை.

பொறியாளரின் குரல் இளகியது. "பாரும்மா, வேலையிலயே குறைன்னு எழுதினா பதவி உயர்வு போயிடும். கேபிள் வேலையும் கையைவிட்டுப் போயிடும். ஸ்விட்ச் தவறுதலா போட்டாச்சுன்னு எழுதிக்கறேன். ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட முடியும். ஸ்விட்ச் மேல டேப் ஒட்டிடலாம். உனக்கும் நல்லது."

அப்போதுதான் அவள் மேசையைத் தட்டினாள்.

"எனக்கு நல்லது, மைக்குக்கு? ஸ்விட்சை மூடினா கண்டென்சர் எல்லாம் ஊமையாகும். ஒரே நாள்ல யாராவது அந்த டேப்பை உரிப்பாங்க. இந்தக் கேபிளோட சேர்த்து நான் பண்ணின பன்னிரண்டுல இன்னும் பதினொண்ணு இந்தக் கட்டடத்துல சுத்திக்கிட்டிருக்கு. என் தப்பை எழுதறதா இருந்தா சரியா எழுதுங்க சார்!"

"எழுதியாச்சு" என்று பேனாவை மூடினார் அவர். இயக்குநர் அந்த அறிக்கையைக் கையெழுத்துக்கு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யோசிக்கிறேன் என்றார்.

வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "உனக்குப் பைத்தியமா? பதினொரு வருஷம்! வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?"

"உன் கண்ணாடியைக் குடு" என்றாள்.

"என்ன?"

"கண்ணாடியைக் குடுடி."

கழற்றிக் கொடுத்தேன். கேபிள் அறைக்குப் போய் ஒவ்வொரு கனெக்டராகத் திருகித் திறந்து, மீட்டரைக் குறுக்கே வைத்துப் பார்த்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒன்று, இரண்டு, ஏழு, பத்து. எதுவும் கத்தவில்லை. எண்ணிப் பார்த்தால் பத்துதான் இருந்தது.

"பதினொண்ணாவது எங்க?" என்றாள். உடனே அவளே பதில் சொன்னாள். "ரெண்டாம் ஸ்டுடியோ. நான்தான் நேத்து மாட்டி வச்சேன்." சொல்லிக்கொண்டே ஓடினாள்.

இரண்டாம் ஸ்டுடியோவில் ஒரு பாடகி தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் முன்னால் மிச்சமிருந்த ஒரே ரிப்பன் மைக். பக்கத்தில் வயலினுக்கு ஒரு கண்டென்சர். மிக்சரில் குனிந்து நின்றவர், விசாரணை முடிந்ததும் எல்லா ஸ்டுடியோ ஸ்விட்சிலும் தன் கையால் டேப் ஒட்டிய அதே தலைமைப் பொறியாளர். வயலின் மைக்கில் ஒலி வரவில்லை என்று யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். டேப் பாதி உரிந்து தொங்கியது. அவர் விரல் ஸ்விட்ச் மேல் இருந்தது.

"கையை எடுங்க!"

அந்தச் சத்தத்தில் பாடகி துள்ளினார், வயலின்காரர் வில்லைக் கீழே விட்டார். பொறியாளர் சுட்டதுபோல் கையை எடுத்தார். அக்கா உள்ளே போய் ரிப்பன் மைக்கின் கேபிளைக் கழற்றிக்கொண்டு வந்து, மிக்சர் மேலேயே வைத்து, மீட்டரை ஒன்றிலும் மூன்றிலும் வைத்தாள்.

மீட்டர் கத்தியது.

மீட்டர் கத்திக்கொண்டே இருந்தது. அவள் முனைகளை எடுக்கவில்லை, வேண்டுமென்றே வைத்திருந்தாள். பொறியாளர் பாதி உரிந்த டேப்பைப் பார்த்தார், அந்த மைக்கைப் பார்த்தார், நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"இதை நீங்க போட்டிருந்தா யார் தப்புன்னு எழுதியிருப்பீங்க சார்?" என்று நான்தான் கேட்டேன். எனக்கு இன்னும் ஆறவில்லை. அக்கா என்னை முறைத்தாள்.

"என் தப்புதான்" என்றாள். "ரெண்டும் என் கை வேலை. அதை எழுதச் சொல்லித்தான் காலைலேருந்து தொண்டை கிழியக் கத்தறேன்."

மாலையில் இயக்குநர் அவளைக் கூப்பிட்டுப் புதிய அறிக்கையைக் கொடுத்தார். என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்று அவள் அதைப் படித்தாள். மைக் பழுதானதற்குக் காரணம் ஸ்விட்ச் அல்ல, கேபிளில் மேல்வலை இழை மூன்றாம் பின்னைத் தொட்டதுதான். கேபிளைச் செய்தவர் குறுக்குச் சோதனை செய்யவில்லை. எல்லாக் கேபிளையும் இனி இருவர் சோதிக்க வேண்டும். மிக்சருக்குத் தனித்தனி ஃபேன்டம் ஸ்விட்ச் வாங்கப் பரிந்துரை. கடைசி வரியில், பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்படுகிறது.

ஒயரக்கா கையெழுத்துப் போட்டாள்.

"சரியா எழுதியிருக்காங்க" என்றாள். காலையிலிருந்து முதல்முறையாக அவள் குரலில் கோபம் இல்லை. பிறகு என் கண்ணாடியைக் கழற்றாமலே படியிறங்கிப் போனாள். நான் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு, அடுத்த படி எங்கே என்று தெரியாமல், பின்னாலேயே இறங்கினேன்.