அண்ணன் அழித்த சுவர்

என் அண்ணன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். கை ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும். கடைத்தெருவில் அவருக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர்.

அவர் மகளுக்கு மூன்று வயது. பிறந்தபோது மூச்சுத் திணறியதில் மூளை பாதிக்கப்பட்டது. எதைக் காட்டினாலும் அவள் பார்ப்பதில்லை. கண் மருத்துவரோ, "கண்ணு நல்லா இருக்கு" என்றார். "அப்போ பாக்க வேண்டியதுதானே, பிடிவாதம்" என்றார் அத்தை.

மகள் எதையாவது பார்த்துவிட மாட்டாளா என்று, அண்ணன் பத்து நாள் வேலைக்கே போகாமல் அவள் அறைச் சுவர் முழுக்க யானை, ரயில், பலூன் என்று வரைந்து தள்ளினார். அக்கம்பக்கமே வந்து வேடிக்கை பார்த்தது. அவள் மட்டும் பார்க்கவில்லை.

பார்வைப் பயிற்சி தரும் ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"அழகா இருக்கு சார். ஆனா இதை அழிச்சிடுங்க."

"என்ன மேடம், பொசுக்குன்னு இப்படிச் சொல்லிட்டீங்க?"

"கண்ணு அனுப்புறத இவ மூளையால பிரிச்சுப் புரிஞ்சுக்க முடியல. கூட்டத்துல ஒரு முகத்தைத் தேடுற மாதிரி திண்டாடுறா. ஒரு நேரத்துல ஒரே பொருள், பளிச்சுன்னு ஒரே நிறம், பின்னாடி கறுப்புத் துணி. பழகப் பழகப் பார்வை கூடும். எவ்வளவுன்னு இப்பவே சொல்ல முடியாது. அப்புறம், அவ பாக்கும்போது பேசாதீங்க. ரெண்டையும் சேர்த்துச் சமாளிக்க அவளால முடியாது."

"அப்போ பயிற்சி இவருக்குத்தான்" என்றார் அண்ணி.

மறுநாள் அண்ணனே சுவர் முழுக்க ஒரே நிறம் அடித்தார். யாரையும் தூரிகையைத் தொட விடவில்லை.

தினமும் காலையில், குழந்தை களைப்படையும் முன், பால் ஊற்றிய அதே சிவப்புக் கோப்பை. சன்னல் வெளிச்சம் அவள் முதுகுப்பக்கம். அவளுக்குக் கொஞ்சம் நன்றாகத் தெரியும் வலப்பக்கத்தில் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்டுவார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். மூன்றாவது வாரம் அவள் முகம் கோப்பைப் பக்கம் வந்தது, உடனே விலகியது. "வேணாங்கறா" என்று எடுத்துவிட்டார். தினமும் இதே கதை. அவள் தானாக ஒரு வாய் குடிப்பாள் என்ற நம்பிக்கையே அவருக்கு விட்டுப்போயிற்று.

அடுத்த முறை வந்த ஆசிரியை பதறினார். "ஏன் சார் எடுக்குறீங்க? அவ பாத்துட்டா! பாக்குறதும் கை நீட்டுறதும் சில பிள்ளைங்களுக்கு ஒண்ணா வராது. பாத்துட்டு, முகத்தைத் திருப்பிட்டு, அப்புறம்தான் கை வரும்."

எத்தனை நாள் அண்ணன் கோப்பையை அந்தக் கைக்கு எட்டாமல் எடுத்திருக்கிறார்!

மறுநாள் அவள் பார்த்தாள், திரும்பினாள். அண்ணன் கை கோப்பையை எடுக்கத் துடித்தது, எடுக்கவில்லை. மனதுக்குள் இருபது வரை எண்ணியிருப்பார். முகம் மறுபக்கமே திரும்பியிருக்க, அவளுடைய சின்னக் கை நேராக வந்து கோப்பையில் இடித்தது. பால் மொத்தமும் அவர் மடியில்.

அவர் துடைக்கவில்லை. மறுபடி அரைக் கோப்பை ஊற்றி, அதே இடத்தில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.