ஒரே திசையில் ஆறு போல்ட்டுகள்

ஷஹர்பானு பதினோரு வருஷமாக எடுத்ததெல்லாம் பட்டுப்புடவைப் படங்கள்தான். முந்தானையில் ஒரு நூல் பிரிந்து நின்றாலும் கம்ப்யூட்டரில் தடயமில்லாமல் துடைத்துவிடுவாள். காஞ்சிபுரத்து ஜவுளிக்கடைகளில் அவளுக்கு இருந்த அந்தப் பேர்தான் பம்பு செய்யும் பரமசிவத்தை அவளிடம் கொண்டுவந்தது. அவருக்கும் ஒரு கேட்லாக் வேண்டியிருந்தது.

பட்டறை மூலையில் சாம்பல் நிறத் தாளைச் சுவரிலிருந்து தரைவரை வளைத்துத் தொங்கவிட்டு, வெள்ளி வண்ணம் பூசிய வார்ப்பிரும்புப் பம்பை அதன்மேல் வைத்தார்கள். முதல் படத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஜோசுவா, ஆறு போல்ட்டும் ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கினு இருக்குதுப்பா. எல்லாத் தலையும் ஒரே மாதிரி நேரா நிக்கணும்."

"புடவை மடிப்பாக்கா இது?" என்று சிரித்துக்கொண்டே ஃபிட்டர் ஜோசுவா ஸ்பேனரை எடுத்தான்.

வீட்டுக்கு வந்து படத்தைச் சரிசெய்தபோது மூன்றாவது போல்ட்டின் அருகே மயிரிழை போல ஒரு கோடு. கீறலாக இருக்கும் என்று துடைத்துவிட்டு அனுப்பினாள். "பம்புக்குக் கல்யாணக் களை வந்துடுச்சும்மா" என்றார் பரமசிவம்.

மூன்றாம் நாள் காலை, பெயர்ப்பலகைக்கு அந்தப் போல்ட்டு வரிசையை மட்டும் பெரிதாக்கிக் கேட்டார். அசல் படங்களைத் திறந்தாள். விளக்கை இடம் மாற்றி மாற்றி எடுத்தவை. கீறலாக இருந்தால் ஏதாவது ஒரு படத்தில் பளபளக்க வேண்டும். போல்ட்டைத் திருப்பியபின் எடுத்த எல்லாவற்றிலும் கோடு கறுப்பாகவே இருந்தது. போல்ட்டுக்கு அடியிலிருந்து கிளம்பியிருந்தது. போல்ட்டுகளைத் திருப்புவதற்கு முன் எடுத்த முதல் படத்தில் அந்த இடம் சுத்தமாக இருந்தது.

கீறல் இல்லை, விரிசல்.

பரமசிவத்திடம் காட்சிக்கென்று தனிப் பம்பு கிடையாது. படமெடுத்த அதே பம்பு அன்று விடியற்காலையே தென்னேரிக்கு, வாங்கியவரின் கிணற்றுக்குப் போயிருந்தது. மாட்டுவதற்கு ஜோசுவாவும் கூடவே போயிருந்தான். மூன்றாவது முறைதான் போனை எடுத்தான்.

"சுவிட்ச் போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல, பம்புக்குள்ள தண்ணி ஊத்திக்கினு இருக்கேன். ஏன்க்கா?"

"போடாத. மூணாவது போல்ட்டாண்ட நகத்தால தடவிப் பாரு."

அவன் போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நகம் மாட்டுதுக்கா." குரல் இறங்கியிருந்தது. "அன்னிக்கு நேரா நிக்கணும்னீங்களே, அது இறுகிட்டிருந்துச்சு. ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி இன்னும் கால் சுத்து இழுத்தேன். வார்ப்புக்கா. தாங்கல போல."

மாலையில் பம்பு பட்டறைக்குத் திரும்பியது. வாய்களை அடைத்து, கைப்பம்பால் உள்ளே தண்ணீரை ஏற்றினார்கள். கொஞ்சம் அழுத்தம் ஏறியதுமே மூன்றாவது போல்ட்டின் கீழ் துளிகள் வரிசையாக முளைத்தன. சற்று நேரத்தில் ஓர் ஊசித்தாரை சீறி, ஜோசுவா ஒதுங்குவதற்குள் அவன் சட்டையை நனைத்தது.

பரமசிவம் திட்டவில்லை. போனில் இருந்த கேட்லாக் படத்தைப் பம்பின் பக்கத்தில் பிடித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் கோடு படத்துல எங்கம்மா போச்சு?"

ஷஹர்பானு ஜோசுவாவின் ஈரச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தாண்ணே துடைச்சேன்," என்றாள்.