பழனிக்குப் போன வாரத்து வவுச்சர்

நெருப்பெரிச்சல் ஊர்ப் பனியன் கம்பெனியில் சண்முகவேலுக்கு இருபத்திரண்டு வருஷக் கணக்கு வேலை. ஒரு பைசா ஒட்டாத கை என்று ஊரே சொல்லும். ஆனால் மனுஷனுக்கு ஒரு கெட்ட பழக்கம்! தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் வாரத்தில் பில் நின்றுவிடக் கூடாதென்று, 'சரிபார்த்தேன்' என்ற இடத்தில் பத்து வெற்று வவுச்சரில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். யார் கேட்டார்கள் இவரை?

ஆடிட்டர் ஆபீஸ் வினிதா மூன்றாவது நாளாக உட்கார்ந்திருந்தாள். துணிப் பிரிண்டிங் கூலி லெட்ஜரில் ஒரு வரியின் மேல் பென்சில் நின்றது. நாலு லட்சத்து எண்பதாயிரம்.

"இதுக்கு வவுச்சர் எடுங்க சார்."

சண்முகவேல் எடுத்தார். பில் பின்னால் குத்தியிருந்தது. கம்பெனி பேர், ஜிஎஸ்டி நம்பர், தொகை எல்லாம் சரி. கீழே அவர் கையெழுத்து.

"துணி போன சலான்? திரும்பி வந்த இன்வேர்டு என்ட்ரி?"

ஃபைலைப் புரட்டினார். கேட் ரிஜிஸ்டரையும் புரட்டினார். அந்த பிரிண்டிங்காரனுக்கு ஒரு கிலோ துணிகூடப் போகவில்லை. வவுச்சர் தேதியைப் பார்த்தார். அன்றைக்கு அவர் பழனிக்கு நடந்துகொண்டிருந்தார்.

வினிதா பேங்க் ஸ்டேட்மென்ட்டில் விரலை ஓட்டினாள். அதே தேதி, அதே தொகை, ஆர்டிஜிஎஸ். பணம் வாங்கியவர் பேர் மட்டும் பிரிண்டிங் கம்பெனி பேர் இல்லை.

"தேஜஸ்ரீன்னு இருக்குதுங்க. யாருங்க சார்?"

"முதலாளி பொண்ணுங்க." முதலாளி லிங்கசாமிக்கு அவள் ஒரே மகள். கம்பெனி நெட் பேங்கிங் பாஸ்வேர்டு முதலாளிக்கும் அவள் புருஷன் தமிழ்செல்வனுக்கும் மட்டும்தான் தெரியும்.

"அன்னிக்கு ஆபீஸ்ல இருந்தீங்களா?"

"இல்லீங்க. பழனி ரோட்டுல இருந்தேன்."

"அப்ப இந்தக் கையெழுத்து?"

ஆபீஸில் இருந்தேன் என்று ஒரு வார்த்தை புளுகியிருந்தால், பொய் பில்லைத் தெரிந்தே விட்டவராகியிருப்பார். உண்மையைச் சொன்னாலோ வெற்று வவுச்சர் விஷயம் வெளியே வரும். "என்னுதுதானுங்க. முன்னாடியே போட்டு வெச்சது." அவள் எழுதிக்கொண்டாள்.

முதலாளியைக் கூப்பிட்டார்கள். லிங்கசாமி கண்ணாடி போட்டு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தார். மகள் பேரில் கண் நின்றது. வவுச்சரைத் திருப்பினார். வெளியே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

"ஏனுங்க சாமி, மாப்ளைய ஒருவாட்டி கேட்டுப் பாருங்க..." என்றார் சண்முகவேல்.

"மாப்ளை கையெழுத்து இதுல எங்க இருக்குது சண்முகா?" லிங்கசாமி குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அம்மிணி, கணக்குப்புள்ளை தப்புன்னு எழுதிக்கோங்க. நாளைக்கு போலீஸ்ல எழுதிக் குடுத்தர்றேன்."

வினிதா நிமிர்ந்தாள். "பணம் போன பேரையும் சேர்த்துத்தான் எழுதுவோமுங்க."

"எழுதுங்க," என்றார் லிங்கசாமி. "எம்பட பொண்ணு அக்கவுண்டையும் இவன்தான பாத்துக்கறான்."

சண்முகவேல் தன் பீரோவைத் திரும்பிப் பார்த்தார். அதுவும் உண்மைதான். தேஜஸ்ரீ கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பாஸ்புக்கும் செக் புக்கும் அவர் பீரோவில்தான் இருந்தன.