ஒரே பக்கத்தில் டீச்சர்

கொச்சி மட்டாஞ்சேரியில் இன்டர்நெட் கடைகள் தெருவுக்கொன்று முளைத்திருந்த காலம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்த நான், அப்படியொரு கடையில் வெப்சைட் செய்துகொடுக்கும் ஆளாக இருந்தேன். யாரும் கற்றுத்தரவில்லை. பிறர் செய்த பக்கங்களைத் திறந்து, உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். அதனாலேயே எனக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது. ஒரு புள்ளி மாறினாலும் எல்லாம் சரிந்துவிடும் என்ற பயத்தோடுதான் கீபோர்டைத் தொடுவேன். செய்துகொடுத்த சைட் திறக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமைகூடக் கடைக்கு வந்து பார்ப்பேன். முதலாளி சேட்டனுக்கு அது தினசரி வேடிக்கை. நேற்றுத் திறந்த பக்கம் ராத்திரியில் எழுந்து எர்ணாகுளத்துக்கு பஸ் ஏறிப் போய்விடுமா என்று கேட்பார்.

ஒரு கோடை விடுமுறையில் டீச்சர் வந்தார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், கணக்கு டீச்சர். ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே டியூஷன் எடுத்துப் பிழைப்பதென்று பாதி மனம். மீதி மனம் பயம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வருவீர்களா மாட்டீர்களா என்று மேனேஜர் கேட்டிருந்தார். அதற்குள் போதுமான பிள்ளைகள் சேர்ந்தால் டியூஷன், சேராவிட்டால் மறுபடியும் அதே ஸ்டாஃப் ரூம். பயப்படுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். அன்றைக்கே அவர் கட்சிக்காரனாகிவிட்டேன்.

கலூரில் ஒரு பெரிய கோச்சிங் சென்டர் இருந்தது. அதன் சைட்டைத் திறக்கச் சொன்னார். மேலே வரிசையாக பட்டன்கள்: முகப்பு, எங்களைப் பற்றி, வகுப்புகள், எங்கள் ஆசிரியர்கள், படங்கள், தொடர்பு. ஒவ்வொன்றும் ஒரு பக்கம்.

"இதே மாதிரி வேணும் நேக்கு. ஒண்ணும் குறையப்படாது."

குறையாமல்தான் செய்தேன். ஆறு பக்கம். செய்தபிறகுதான் சிரமம் தெரிந்தது. 'எங்கள் ஆசிரியர்கள்' பக்கத்தில் ஒரே ஒரு போட்டோ. பக்கத்தின் மீதி முழுக்க வெள்ளை. 'படங்கள்' பக்கத்தில் போட ஒன்றுமில்லாததால், தொப்பி வைத்த ஆள் மண்வெட்டியால் தோண்டிக்கொண்டே இருக்கும் அசையும் படத்தை வைத்து, 'விரைவில்' என்று எழுதினேன். முகப்பில் வரவேற்பும் ஒரு ரோஜாப்பூவும். போன் நம்பர், கலூர்க்காரர்களுடையதைப் போலவே, கடைசிப் பக்கத்தில். பட்டன் வரிசையை ஆறு பக்கத்திலும் கையால் தனித்தனியாக ஒட்ட வேண்டும். டீச்சர் வந்து ஒரு பக்கத்தின் பெயரை மாற்றச் சொன்னால் ஆறையும் திறந்து மாற்ற வேண்டும். வகுப்பு நேரமோ முகப்பில் ஒரு தரம், வகுப்புகள் பக்கத்தில் ஒரு தரம். டீச்சர் நேரத்தை மாற்றியபோது நான் ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகச் சாயா குடிக்கப் போனேன். டீச்சரின் சைட் கொஞ்ச நாள் காலையிலும் மாலையிலும் ஒரே வகுப்பை எடுத்துக்கொண்டிருந்தது.

பழைய மாணவர்களின் வீடுகளுக்கெல்லாம் டீச்சர் சைட்டின் விலாசத்தைச் சொல்லி அனுப்பினார். போன் அடிக்கவில்லை. தினமும் கடைக்கு வந்து, இன்டர்நெட் வேலை செய்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போவார். நானும் அதையேதான் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பள்ளுருத்தியிலிருந்து ஓர் அக்கா வந்தார். மகளுக்குக் கணக்கு வரவில்லை, இந்த டீச்சரைச் சொன்னார்கள், அவர் சைட்டைத் திறந்து பிரிண்ட் எடுத்துக் கொடு என்றார். வீட்டுக்காரருக்கு ஏலூரில் உரக் கம்பெனியில் வேலை, அவர் பார்த்துத்தான் முடிவு சொல்வாராம். எங்கள் கடையில் அதுதான் வழக்கம். யாரும் வெப்சைட்டை உட்கார்ந்து பார்ப்பதில்லை. பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பேப்பர் வீடுவீடாகச் சுற்றும். முகப்பு திறந்திருந்தது. பிரிண்ட் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாம் நாள் அதே பேப்பரோடு திரும்பி வந்தார்.

"தம்பி, வீட்டுல கேக்குறாரு, இதுல டீச்சர் எங்கன்னு. பூ மட்டும்தான் இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரிண்ட் கொடுத்தால் திறந்திருக்கும் பக்கம் மட்டும்தானே வரும். போன் நம்பரும் நேரமும் டீச்சரும் ஆளுக்கொரு பக்கத்தில் ஒளிந்திருக்க, ரோஜா மட்டும் பஸ் ஏறிப் பள்ளுருத்தி போயிருக்கிறது. இதற்கு முன்னால் எத்தனை வீட்டுக்கு அந்த ரோஜா போனதோ. அவசரமாக மற்ற பக்கங்களைத் திறந்து காட்டினேன். 'எங்கள் ஆசிரியர்கள்' என்ற தலைப்பைப் படித்ததும் அக்கா முகம் சுருங்கியது.

"அப்போ இந்த டீச்சர் எடுக்க மாட்டாங்களா? வேற ஆளுங்கள விட்டுருவாங்களா? கலூர்ல அப்படித்தான் செஞ்சாங்க. போட்டோல ஒருத்தரு, கிளாஸ்ல ஒருத்தரு."

இல்லை, எல்லாம் இவர் ஒருவர்தான் என்று சொல்லி, நம்பரைப் பேப்பரின் ஓரத்தில் எழுதிக்கொடுத்தேன்.

சாயங்காலம் டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போட்டுவிடலாம் என்றேன். பட்டனை அழுத்தினால் வேறு பக்கத்துக்குப் போகாது, அதே பக்கத்தில் கீழே இறங்கும். பிரிண்ட் எடுத்தால் எல்லாம் சேர்ந்து வரும். நேரம் மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். டீச்சருக்குப் பிடிக்கவே இல்லை. பள்ளிக்கூடம் திறக்க அதிக நாள் இல்லாத நேரத்தில் இது என்ன விஷப்பரீட்சை என்றார்.

"ஒத்தப் பக்கம்னா நோட்டீஸ் மாதிரி இருக்குமே. நாளைக்கே அதுல பரிப்புவடை பொதிஞ்சு குடுப்பா."

"வடை சுத்தினாலும் நம்பர் தெரியும், டீச்சரே."

"பாக்கறவாளுக்கு ஒத்த ஆள்னு தெரிஞ்சுடாதோ?"

"டீச்சர் ஒத்த ஆள்தானே."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. டீச்சர் மானிட்டரைப் பார்த்தார். அங்கே தொப்பிக்காரன் விடாமல் தோண்டிக்கொண்டிருந்தான். அவனுக்காவது கூலி கொடுத்து அனுப்பிவிடு என்றார். சேட்டன் கல்லாவிலிருந்து சத்தமாகச் சிரித்தார்.

ஒரே பக்கமாக்குவதிலும் எனக்குக் கவலைக்குக் குறைவில்லை. எல்லாம் ஒன்றாக இறங்க வேண்டும், எங்கள் லைனோ டெலிபோன் வழியாக மெதுவாக வரும் லைன். படம் அதிகமானால் பார்ப்பவர் பொறுமை போய்விடும். ரோஜாவை எடுத்தேன். டீச்சர் போட்டோவைச் சின்னதாக்கினேன். கீழே இறங்கிப் பார்க்காதவர்களும் உண்டே என்று, பெயர், எந்த வகுப்பு, நேரம், போன் நம்பர் நான்கையும் உச்சியிலேயே வைத்தேன். 'வகுப்பு எடுப்பவர் நான் மட்டுமே' என்ற வரியை டீச்சரே எழுதிக்கொடுத்தார். பெரிய ஆளாக வளர்ந்து நிறைய டீச்சர்களை வைத்தால் அன்றைக்குப் பல பக்கம் தேவைப்படும் என்று சமாதானம் சொன்னேன். அப்போதும் உன்னிடம்தானா வர வேண்டும் என்று கேட்டார்.

பழைய பக்கங்களை அழிக்கும்போது பிளாப்பியில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். பிளாப்பியை நம்பாமல் இன்னொரு பிளாப்பியிலும்.

புதுப் பக்கத்தின் பேப்பர் நன்றாகவே சுற்றியது. பள்ளுருத்தியில் ஒரு பேக்கரிச் சுவரில் அதன் ஜெராக்ஸைப் பார்த்ததாகச் சேட்டன் வந்து சொன்னார். வடை சுற்றவில்லையே என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் டீச்சர் அவசரமாக உள்ளே வந்தார். மேனேஜரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். முகத்தில் சிரிப்பு.

"சாயங்கால பேட்ச்ல எடம் இல்லேன்னு போடணும். இப்போவே."

போட்டேன். ஒரே இடத்தில், ஒரே வரி. முடிந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் முடிந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வரியால் போன் நம்பர் அடுத்த பேப்பருக்குத் தள்ளிப் போயிருக்குமோ என்று பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். உச்சியிலேயே இருந்தது. டீச்சர் அதை என் கையிலிருந்து வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.