என் மருமக தடுக்கப் பார்த்த பேரு

என் மருமகளுக்கு வாய் கிடையாது, காது மட்டுந்தான். கல்யாணமாகி வந்த புதுசுல, "ஊமையைக் கட்டி வெச்சுட்டோமேய்யா"ன்னு எம்புருஷன்கிட்ட நானே புலம்பியிருக்கேன். அந்த மனுஷன் போய்ச் சேந்துட்டாரு. எம்மகன் கட்டட வேலையில சாரத்துல இருந்து விழுந்து இடுப்பொடிஞ்சு படுத்துட்டான். அதுக்கப்புறம் பதினோரு வருஷம் எங்க மூணு பேருக்கும் சோறு போட்டது அவ காதுதான்.

அவ வேலை என்னன்னு சொன்னா தெருப் பொம்பளைங்க சிரிப்பாளுங்க. எங்கயோ ஒரு கம்பெனிக்காரன் புதுசா எதையோ விக்கப் போறான். ஒரே பேரை வெச்சு பத்து பாஷைக்காரங்க தலையில கட்டணும். அந்தப் பேரு எந்த பாஷையிலயாவது கெட்ட பேச்சா விழுதா, வாயில நுழையுதா, ஏற்கெனவே அந்தப் பேருல வேற சரக்கு இருக்கான்னு முன்னாடியே பாத்துக்குவான். அதுக்குன்னு ஒரு ஏஜென்சி இருக்கு. தமிழுக்கு மூணு ஆளை வெச்சிருந்தாங்க, இவ ஒருத்தி. மூணு பேரும் தனித்தனியா பாக்கணும். ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. பேரை வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு கையெழுத்து வேற. என்ன சரக்குன்னுகூட பாதி நேரம் சொல்ல மாட்டாங்க.

அடுப்படி ஓரத்துல ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், காதுல மாட்டுற ஹெட்போன். அதான் அவ ஆபீஸு. பேரை இங்கிலீசு எழுத்துல அனுப்புவாங்க. எப்படிச் சொல்லணும்னு பேசியும் அனுப்புவாங்க. இவ எழுத்தை மூடி வெச்சுட்டு மொதல்ல பேச்சைத்தான் கேப்பா. அப்புறம் நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கும்போது பின்னாடி வந்து நின்னு, சும்மா அந்தப் பேரைச் சொல்லுவா. ஏன் எதுக்குன்னு சொல்ல மாட்டா. என் மூஞ்சியைப் பாப்பா. நான் சிரிச்சா ஒரு குறிப்பு, மூஞ்சியைச் சுளிச்சா ஒரு குறிப்பு.

"எதுக்குடி எங்கிட்ட கேக்குற? நான் எழுத்து வாசனையே இல்லாதவ."

"அதுக்குத்தான் அத்தை. படிச்சவங்க கண்ணால பாத்துட்டு ஒண்ணுமில்லம்பாங்க. கடையில பேரைச் சொல்லி வாங்குறவங்க உங்கள மாதிரிதான்."

எனக்குப் பெருமை தாங்கல. ஆனா இது அவ செய்யக் கூடாத காரியம்னு அன்னிக்கு எனக்கு உறைக்கல. எப்பவும் 'எனக்குத் தோணுது'ன்னுதான் எழுதி அனுப்புவா. என்னைப் பத்தி ஒரு எழுத்து இருக்காது.

போன வருஷம் அவளைத் தமிழுக்கு நிரந்தரமா பொறுப்புல போடுறதா பேச்சு. இந்த ஒரு பேரை ஒழுங்கா முடிச்சுக் குடுத்தா உத்தரவு வந்துரும்னாங்க. எம்மகனோட ஆஸ்பத்திரிச் செலவையும் சேத்து அந்த ஏஜென்சியே பாத்துக்கும். கட்டில்ல கெடந்தவன் பாதி எந்திரிச்சு உக்காந்துட்டான்.

அந்தப் பேரு வந்துச்சு. நான் தட்டு கழுவிக்கிட்டு இருந்தேன். பின்னாடி நின்னு சொன்னா: "எலவு."

தட்டை அப்படியே போட்டுட்டேன். "யாரு வீட்டுலடி?"

அவ மூஞ்சி வெளுத்துப் போச்சு. "அத்தை, அப்படியா கேக்குது?"

"வேற எப்படிக் கேக்கும்? உன் மாமனார் செத்தன்னிக்கு நாற்காலி கொண்டாந்தவன் தெருமுனையில நின்னுக்கிட்டு, 'எலவு வீடு எது'ன்னுதானே கத்துனான். எத்தனை பேரு வாயில 'எழவு'ன்னு திருத்தமா வருது?"

அவ விடல. ஒரு நாள் பூரா தனக்குத்தானே வேகமா, மெதுவா, கடையில கேக்குற மாதிரி, சலிச்சுக்கிற மாதிரி சொல்லிச் சொல்லிப் பாத்தா. உள்ள இருந்து எம்மகன், "போதும்டி, வீட்டுல ஒரு ஆளு சாகாம கெடக்கேன்"ன்னான். சிரிச்சோம். கடைசியா சிரிச்சது அன்னிக்குத்தான்.

ஆபத்து எவ்வளவுன்னு மார்க்குப் போடணும். அஞ்சுக்கு அஞ்சு போட்டு, இந்தப் பேரை எந்தச் சரக்குக்கும் வைக்காதீங்கன்னு எழுதி அனுப்பிட்டா.

ரெண்டு நாள்ல ஏஜென்சியில இருந்து கேள்வி. மத்த ரெண்டு பேரும் சைபர் போட்டிருக்காங்களாம். ஏஜென்சி அனுப்புன பேச்சை அவங்க கேக்கவே இல்ல போல. இங்கிலீசு எழுத்தைப் பாத்து, 'எலாவு'ன்னு இழுத்துத் தமிழ்ல எழுதி, அர்த்தம் எதுவுமில்லன்னு முடிச்சுட்டாங்க. ஏஜென்சியில விசாரிக்கிற பொண்ணுக்குத் தமிழ் தெரியாது. ரெண்டுக்கு ஒண்ணா நிக்குது, உன் மார்க்குக்கு ஆதாரம் குடுன்னு கேட்டுட்டா. அதுக்குன்னு தாள்ல கடைசியா ஒரு கட்டம்.

இவ அந்தக் கட்டத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. "அகராதியில இருந்து எடுத்துப் போடவா, அத்தை? ஆனா அதுல ழகரம் இருக்கும், இது வேற எழுத்துன்னு தள்ளிருவாங்க."

நான்தான் சொன்னேன். இந்த வாய்தான் சொல்லுச்சு. "எம்மாமியார் காதால கேட்டா, கேட்டதும் தட்டைக் கீழ போட்டான்னு எழுது. அதைவிட என்னடி ஆதாரம்?"

"வெளியாளுகிட்ட சொல்லக் கூடாது, அத்தை."

"நான் வெளியாளாடி?"

அந்தக் கேள்விக்கு எந்த மருமக பதில் சொல்லுவா? எழுதிட்டா. எனக்கும் ஒரு நப்பாசை. எழுதப் படிக்கத் தெரியாதவளைப் பத்தி, எங்கயோ ஒரு தேசத்துல, ஒரு தாள்ல எழுதி வெப்பாங்களேன்னு. படிச்சுக் காட்டச் சொல்லி ரெண்டு தடவ கேட்டேன்.

மறுநாள் போன் வந்துச்சு. அந்த ஏஜென்சிப் பொண்ணு பேசுனதுல எனக்குப் புரிஞ்சது 'சாரி' ஒண்ணுதான். மூணு தடவ சொன்னா. மருமக போனை வெச்சுட்டு, ஹெட்போனைச் சுத்தி மடிச்சு டப்பாவுல வெச்சா.

"ரகசியத்தை மீறிட்டேனாம். நான் எழுதினதைக் கணக்குல எடுக்க மாட்டாங்களாம். இனிமே வேலையும் கிடையாது."

"அப்ப அந்தப் பேரு?"

"மிச்சம் இருக்கிற ரெண்டு பேரும் ஒண்ணுமில்லன்னுதானே சொல்லியிருக்காங்க? பாஸ் ஆயிருச்சு."

"என்னைத் திட்டேன்டி. ஒரு வார்த்தை திட்டு."

திட்டல. அவளுக்குத்தான் வாய் கிடையாதே. அதுதான் இன்னிக்கும் என்னைக் கொல்லுது.

இப்ப சலவைக் கடையில பகல் பூரா நின்னுக்கிட்டே, மெஷின்ல இருந்து சூடா வர்ற துணியை மடிக்கிறா. அந்த மெஷின் சத்தத்துல காது மந்தமாகிட்டு வருது. டாக்டர்கிட்ட காட்டுன்னா கேக்க மாட்டேங்குறா.

போன மாசம் எம்மகனை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்துக் கடை கண்ணாடியில ஆளு ஒசரத்துக்கு ஒரு படம். கொழுகொழுன்னு ஒரு கைக்குழந்தை, பக்கத்துல மாவு டப்பா. எனக்கு எழுத்து தெரியாது. முன்னாடி நின்ன பொண்ணு சீட்டை நீட்டி, "இதுல இருக்கிற குழந்தை மாவைக் குடுங்க"ன்னா.

கடைக்காரன் சீட்டைப் பாத்துட்டு, "எலவு தானே? பெருசா சின்னதா?"ன்னான்.

அவ தோள்ல ஒரு குழந்தை, எலும்பும் தோலுமா. அதோட காதைக் கையால பொத்திக்கிட்டா. "அந்தப் பேரைச் சொல்லாதீங்கண்ணே. மூணாவது கடையா அலையுறேன். எனக்கு வாயே வர மாட்டேங்குது."

"நானா பேரு வெச்சேன்? இத்தனை பெரிய கம்பெனிக்கு எடுத்துச் சொல்ல ஒரு தமிழ் ஆளு கெடைக்கலயா?"ன்னு அவன் சுத்தி நின்னவங்களைப் பாத்துச் சிரிச்சான். நாலு பேரு கூடச் சிரிச்சாங்க.

வீட்டுக்கு வந்து மருமககிட்ட சொன்னேன். ரெண்டு தடவ, சத்தமா. "நீ சொன்னேன்னு அந்தக் கடைக்காரன்கிட்ட நாளைக்கே போய்ச் சொல்லப் போறேன்டி. எடுத்துச் சொல்ல ஒருத்தி இருந்தா, எங்க வீட்டுலயே இருந்தான்னு."

அவ அவசரமா எந்திரிச்சுப் போய் ஜன்னலைச் சாத்துனா.

"வேண்டாம், அத்தை. வெளியில சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். வேலை போனாலும் அது போகாது."

வெந்து சிவந்த கையால தட்டை எடுத்துக் கழுவ ஆரம்பிச்சா. நான் அவ பின்னாடியே நின்னேன். "என் வாயாலதான்டி உன் வேலை போச்சு"ன்னு சொல்லவும் செஞ்சேன். அவ திரும்பல. கேக்கலயோ, கேக்க வேண்டாம்னு இருந்தாளோ, தெரியல.