ரெண்டு ஜோடி வாங்கினால்தான்

மரக்காணம் உப்பளத்தில் கூட வேலை செய்பவர் அனுப்பியதாக அப்பா ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். ரப்பர் பூட்ஸ் பாதி விலை. உப்புத் தண்ணியில் நின்று நின்று அம்மாவின் குதிகால் வெடித்திருந்தது. அவளுக்கு வாங்கித் தர அவருக்கு ஆசை. எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அடியிலிருந்த பொடி எழுத்தைப் பெரிதாக்கி வாசித்தேன்.

“இன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான். ஆப்லதான் வாங்கணும். பணத்தை முன்னாடியே கட்டணும், கட்டுறதுக்கு முன்ன இந்தக் கூப்பன் கோடைப் போடணும். வாங்கினதைத் திருப்பி எடுக்க மாட்டாங்க. ரெண்டு ஜோடி வாங்கினாத்தான் பாதி விலை.”

“எனக்கு எதுக்குடா? அவளுக்கே ரெண்டையும் போடு,” என்றார் அப்பா.

“ஆமா, எனக்கு நாலு காலு பாரு,” என்றாள் அம்மா அவரிடம். “நீ போட்டுக்கலன்னா எனக்கும் வேணாம்.”

அப்பா அளவெடுக்கக் காலை நீட்டினார்.

திருப்ப முடியாது என்பதால் பேப்பரை விரித்து, இருவர் பாதத்தையும் பென்சிலால் சுற்றி வரைந்து, ஸ்கேலால் அளந்தேன்.

“அவளுக்கு ஒரு சைஸ் பெருசா போடுடா. சாயங்காலம் ஆனா கால் வீங்கிக்குது,” என்றார் அப்பா.

அம்மா எங்களிடம் அதைச் சொன்னதே இல்லை. அவரை ஒரு முறை பார்த்துவிட்டு, காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் கூப்பன் கோடைப் போட்டேன்.