அழுத்தினால் திறக்காத வரி

என் வீட்டுக்காரர் கருப்பட்டி மிட்டாய் போடுகிறவர். அரிசியும் உளுந்தும் ஆட்டிய மாவை எண்ணெயில் வட்டம் வட்டமாகப் பிழிந்து, கருப்பட்டிப் பாகில் முக்கி எடுப்பது. துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் இருபத்திரண்டு வருடம் கடை வைத்திருந்தோம். கட்டிடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லிக் காலி பண்ணச் சொன்னார்கள். சாமானையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்கட்டில் அடுப்பு போட்டுக்கொண்டோம்.

வீட்டில் மிட்டாய் போடுவது யாருக்குத் தெரியும்? சென்னையில் இருக்கிற மகள்தான் இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு திறந்து கொடுத்தாள். படம் எடுப்பதும் கீழே எழுதுவதும் என் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் கையெழுத்து நன்றாக இருக்கும், மனசில் பட்டதை எழுதிவிடுவேன்.

முதலில் பிள்ளையார் சுழி. அடுத்த வரியில் திருச்செந்தூர் முருகன் துணை. அதற்கடுத்து எங்கள் குலசாமி பெயர். கடைக் கணக்கு நோட்டில் என் மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான் தொடங்குவோம், இதையும் அப்படியே தொடங்கினேன். பிறகு மிட்டாயைப் பற்றி நாலு வார்த்தை. கடைசியில், அழுத்தினால் நேராக எங்கள் வாட்ஸப் திறக்கிற லிங்க். அதை முதலில் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுப் பார்த்தேன். மகள் தொட்டாள், உடனே திறந்தது. சரி, எல்லோருக்கும் திறக்கும் என்று நம்பிக்கொண்டேன்.

மூன்று வாரம் போயிற்று. இதயம் இதயமாக விழுந்தது, போன் மட்டும் வரவில்லை. “எப்படி வாங்குவது?” என்று சிலர் கேட்டார்கள். “கீழே லிங்க் இருக்கிறது, அழுத்துங்கள்” என்று பதில் போட்டேன். ஒருவர், “அழுத்திட்டேன், ஒன்றும் ஆகலை” என்று எழுதினார். அவருடைய போன் பழசாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டார். காலையில் குளித்து, திருநீறு பூசி, ஒரு ஈடு மிட்டாய் போடுவார். விற்காததைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து அனுப்புவார். ஒருநாள் மாவு அளக்கும்போது, “ஏளா, வைகாசி விசாகத்தோட நிறுத்திருவோம். மிட்டாய் போடுத சட்டிய ஆறுமுகநேரிக்காரன் கேக்கான், குடுத்துருதேன்” என்றார்.

“எதுக்கு இப்படிப் பேசுதீய?”

“ஆளுக மறந்துட்டாவ. அவ்வளவுதான்.”

அந்தச் சட்டியைக் கொடுத்துவிட்டால் மனுஷர் வெறுங்கையோடு உட்கார்ந்துவிடுவார். எனக்கு அது நன்றாகத் தெரியும். விசாகத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. விளக்கு முன்னால் நின்று, யாராவது ஒரே ஒரு ஆளைப் பேச வை முருகா என்று கேட்டேன்.

அடுத்த தெருவில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். சங்கு குளிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். சங்கிலும் சிப்பியிலும் வளையல், தோடு செய்து இதே மாதிரி இன்ஸ்டாகிராமில் விற்கிறாள். மிட்டாய் கொண்டுபோனபோது அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். குசினியில் மீன் அலசிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துவிட்டுத் தன் போனில் எங்கள் மிட்டாய்ப் படத்தைத் திறந்தாள்.

“அக்கா, இங்கன பாருங்க. எங்களுக்கு இம்புட்டுதான் தெரியுது.”

படத்துக்குக் கீழே பிள்ளையார் சுழியும் முருகன் துணையும் மட்டும் இருந்தன. அதற்குப் பிறகு மூன்று புள்ளி.

“அந்தப் புள்ளியத் தொட்டாத்தான் மிச்சம் விரியும். எத்தன பேரு தொடுவாவ? மிட்டாய் விக்கீங்களா, கோயில் நோட்டீஸ் போடுதீங்களான்னு யாருக்குத் தெரியும்?”

“சரி, லிங்க் இருக்கே?”

“அது வெறும் எழுத்துக்கா. வாட்ஸப்ல நீலமாத் தெரியும், தொட்டாத் திறக்கும். இங்க படத்துக்குக் கீழ எழுதுற லிங்க் திறக்காது. நீங்க நாள் பூரா அமுக்கினாலும் சுவத்துல அமுக்குன மாதிரிதான்.”

அவளே வழியும் சொன்னாள். முதல் வரியிலேயே மிட்டாய் என்று எழுத வேண்டும். லிங்க்கை எங்கள் கணக்கின் முகப்புப் பக்கத்தில் போட வேண்டும், அங்கே தொட்டால் திறக்கும். படத்தின் கீழே, “மேலே எங்கள் பெயரைத் தொடுங்கள், அங்கே லிங்க் இருக்கிறது, அல்லது மெசேஜ் அனுப்புங்கள்” என்று எழுத வேண்டும். வயசானவர்களுக்காக போன் நம்பரைப் படத்திலேயே கொட்டை எழுத்தில் போட வேண்டும், பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்வார்கள்.

“எல்லாம் சரி தங்கச்சி. சாமி பேரைக் கடைசிக்குத் தள்ளுறதுக்கு மனசு வரல.”

அவள் சிரித்தாள். “நான் மட்டும் சாமி இல்லாமலா எழுதுதேன்? சிலுவை போட்டுட்டுத்தான் போனையே தொடுவேன். நெத்தியில போடுதேன், போன்ல போடல. உங்க முருகனுக்குப் புள்ளிய விரிச்சுத்தான் தெரியணுமாக்கும்?”

பிறகு அவள், “மெசேஜ் எதுவும் வரலையா?” என்று கேட்டு என் போனை வாங்கிப் பார்த்தாள். நம்மைத் தெரியாதவர்கள் அனுப்புகிற செய்தி தனியாக ஒரு இடத்தில் போய் ஒதுங்கிக் கிடக்குமாம். அந்த இடத்தை நான் ஒருநாளும் திறந்ததில்லை. அங்கே ஆறு பேருடைய செய்திகள் கிடந்தன.

ஒன்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் அனுப்பியது. “இது ஹார்பர் ரோட்டு அண்ணாச்சி மிட்டாயா? அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இப்போது படுக்கையில் இருக்கிறார். எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார், இந்தப் படத்தைக் காட்டினால் மட்டும் கேட்கிறார். எப்படி வாங்குவது என்று தெரியவில்லை.” பன்னிரண்டு நாளைக்கு முந்தியது. நாலு நாள் கழித்து, “பரவாயில்லை, விடுங்கள்” என்று இன்னொன்று.

படுக்கையில் கிடக்கிற மனுஷருக்குப் பன்னிரண்டு நாள் என்பது சின்ன நாளா? மன்னிப்புக் கேட்டு, எங்கள் நம்பரையும் எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் அடுப்பைப் பற்றவைத்தார்.

பாகு காய்ந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது. அந்தப் பெண்தான். “அப்பா பேசணுங்கிறார்” என்று சொன்னதும் நான் சாமி படத்தைப் பார்த்தேன். போனை வீட்டுக்காரர் காதில் வைத்தேன், அவர் கை முழுக்க மாவு.

“யோவ் அண்ணாச்சி, நீரு இன்னும் இருக்கீரா?” மெலிந்த குரல், ஆனாலும் எனக்கும் கேட்டது.

“நீரு இருக்கும்போது நான் எங்க போக?”

“கடைய மூடிட்டீராமே. சொல்லாமப் போயிட்டீரு.”

“சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கோம். உமக்குத்தான் வந்து சேரல.”

“சரி, எனக்குப் போடும்போது பாகுல ரொம்ப நேரம் ஊறப்போடும். பல்லு இல்ல.”

“உம்ம பல்லு அப்பவே இல்லையே.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்றே நான் நினைத்ததாக அவர் எண்ணிக்கொள்ளட்டும் என்று திரும்பிக்கொண்டேன். அன்று சாயங்காலமே பார்சல் போயிற்று. மறுநாள் அந்தப் பெண் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கிண்ணத்தில் பாதி மிட்டாய்தான் இருந்தது.

மற்ற ஐந்து பேருக்கும் பதில் போட்டேன். இரண்டு பேர் வாங்கினார்கள். ஆறுமுகநேரிக்காரர் விசாகத்தன்று வந்தார். “சட்டி குடுக்கதுக்கு இல்ல. மிட்டாய் வேணா கொண்டு போங்க” என்று என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பிவிட்டார்.

புதிதாக எழுத உட்கார்ந்தபோது கை கூப்பி முருகன் பெயரை வாயால் சொன்னேன். முதல் வரியில், “ஹார்பர் ரோட்டுக் கருப்பட்டி மிட்டாய், இப்போது வீட்டில். வேண்டுமென்றால் எங்கள் பெயரைத் தொட்டு உள்ளே வாருங்கள்” என்று எழுதினேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான்?”

“படத்துல நம்பர் இருக்கு. போன் பண்ணுவாவ.”

“யாரு எடுப்பாவன்னும் போடு.”

“அண்ணாச்சியே எடுப்பார்” என்று சேர்த்தேன். அதையும் வாசிக்கச் சொன்னார். “மத்தியானம் ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் கூப்பிட வேண்டாம்னும் போடு. தூங்குவேன்லா.”

அதையும் போட்டேன். அவர் ஒருநாளும் அந்த நேரத்தில் தூங்கியதில்லை. அந்த ஒரு மணி நேரமும் சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் நாற்காலியில் முழித்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.